37 தரம் அமத்தித் தேடின படம்

போன செமஸ்டரில் எங்கட போர்டிங்கில் நடந்த ஒரு சின்னக் கதையோடு தொடங்குகிறோம். ஈழத்துச் சினிமா பற்றி ஒரு ஒப்படை எழுத வேண்டியிருந்தது. தர்மசேன பத்திராஜ 1977 இல் எடுத்த 'பொன்மணி' படத்தை யாரோ யூரியூபில் ஏற்றியிருக்கினம் என்று கேள்விப்பட்டோம். போனில் பார்க்காமல் எல்லாரும் ஒன்றாக இருந்து பார்ப்பம் என்று, நாலு பேரும் காசு போட்டு வாங்கின பழைய ஸ்மார்ட் ரீவிக்கு முன்னால் பாயை விரித்தோம். ரிமோட்டை எடுத்தவன் தேடல் பெட்டியில் p, o, n என்று மூன்று எழுத்தை அடித்து முடிக்கிறதுக்குள்ளேயே கீழே ஏழெட்டுப் பரிந்துரை வந்து நின்றது. எல்லாம் சென்னைப் படங்கள், பாட்டுகள். "மச்சான், இதில ஒண்டைப் போடன், பிறகு தேடுவம்" என்று ஒருவன் சொன்னான். அன்றைக்கு இரவு பதினொன்றரை வரைக்கும் நாங்கள் ஏதோ ஒரு பகிடிக் காட்சித் தொகுப்பைப் பார்த்தோம். பொன்மணி பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் இது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தியது. நாங்கள் ஒன்றும் அந்தப் பகிடிக் காட்சியைப் பார்க்க உட்காரவில்லை. எங்களை அங்கே கொண்டுபோய் விட்டது எங்கட விருப்பமும் இல்லை. அம்புக்குறி நாலும் நடுவில் ஒரு ஓகேயும் உள்ள அந்த ரிமோட்தான்.

சும்மா குறை சொல்லக்கூடாது என்று ஒரு கொப்பியை எடுத்து எண்ணிப் பார்த்தோம். எங்கட ரீவியில் அந்தத் தேடல் பெட்டியின் எழுத்துகள் அகர வரிசையில், ஒரு வரிக்கு ஏழாக அடுக்கியிருக்கும். a முதல் g வரை முதல் வரி, h முதல் n வரை இரண்டாவது, o முதல் u வரை மூன்றாவது, மிச்சம் கடைசி வரி. தொடங்கும்போது a இல் நிற்கும். ponmani என்று அடிக்க வேண்டும். p க்குப் போக மூன்று அசைவு. அதிலிருந்து o பக்கத்தில்தான், ஒரு அசைவு. n க்குப் போக மேலே ஒன்று, வலப்பக்கம் ஆறு, மொத்தம் ஏழு. m க்கு ஒன்று. a க்கு ஆறு. திரும்பவும் n க்கு ஏழு. கடைசியில் i க்கு ஐந்து. கூட்டினால் 30 அசைவு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஓகே, அது ஏழு. ஆக ஏழு எழுத்துப் பெயருக்கு 37 தரம் அமத்த வேண்டும், அதுவும் ஒரு பிழையும் விடாமல். வழியில் ஒரு தரம் கூட அமத்திவிட்டால் பக்கத்து எழுத்து விழும். பிறகு அழிக்கிற பொத்தானுக்கு ஒரு பயணம், திரும்பி வர இன்னொரு பயணம்.

'கணினியில இருக்கிறது மாதிரி எழுத்தை அடுக்கினா லேசு' என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். அதையும் எண்ணினோம். qwerty வரிசையில், q இல் தொடங்கினால், அதே பெயருக்கு 33 அசைவு, ஓகேயோடு 40. கூடிவிட்டது! யோசித்தால் அதில் அதிசயம் இல்லை. qwerty வரிசை பல விரல்களுக்கானது. p க்கு ஒரு விரல், a க்கு இன்னொரு விரல் காத்திருக்கும்போது இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது பெரிய விசயமே இல்லை. ரிமோட்டில் இருப்பதோ ஒரே ஒரு பெருவிரல். அது ஒவ்வொரு கட்டமாக நடந்துதான் போக வேண்டும். நடக்கிறவனுக்குத் தூரம்தான் எல்லாம்.

எங்கட வாதம் இதுதான். 37 தரம் அமத்த வேண்டும் என்றால் மனிசர் அமத்தமாட்டார்கள். மூன்றாவது எழுத்தோடு நிறுத்திவிட்டு, கீழே வந்து நிற்கிற பரிந்துரையில் ஒன்றைத் தட்டுவார்கள். அந்தப் பரிந்துரைகளில் முன்னுக்கு வருவது அநேகமாக நிறையப் பேர் தேடினது, நிறையப் பேர் பார்த்தது. pon என்று தொடங்குகிற சொற்களில் எங்கட ஒரு பழைய படம் எந்தக் காலத்தில் முன்னுக்கு வரப் போகிறது? கொஞ்சப் பேர் மட்டும் தேடுகிற எதுவும் அப்படித்தான். அதன் முழுப் பெயரையும் அடித்தால்தான் அது வரும், முழுப் பெயரையும் அடிக்கத்தான் ரிமோட் விடாது. யாரும் தடை செய்யத் தேவையில்லை, பெருவிரல் நொந்தாலே போதும்.

குரலில் தேடலாமே என்று கேட்பீர்கள். கேட்டோம். எங்கட ரிமோட்டில் மைக் இருக்கிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் கதைக்கிற, காற்றாடி கடகடக்கிற அறையில் 'பொன்மணி' என்று சொன்னால் அது கேட்டுக்கொண்டது வேற என்னவோ. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் என்றால் இன்னும் மோசம். பாஸ்வேர்ட்டை அறையில் சத்தமாகச் சொல்லவும் முடியாது.

பாஸ்வேர்ட் என்று சொன்னதும் இன்னொரு வெட்கக்கேடு நினைவுக்கு வருகிறது. ரீவி வாங்கின முதல் நாள், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த அந்த நீளமான பாஸ்வேர்ட்டை ரிமோட்டால் அடிக்கப் போனோம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம் எல்லாம் கலந்தது. ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் மூலையில் இருக்கிற ஷிஃப்ட் வரைக்கும் போய் வர வேண்டும். அடித்ததெல்லாம் புள்ளியாகத்தான் தெரியும். இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாம் தரம் எங்களில் ஒருவர் ரவுட்டருக்குள் போய்ப் பாஸ்வேர்ட்டையே எட்டு இலக்கமாக மாற்றிவிட்டார். எட்டுக்குக் குறைந்தால் ரவுட்டர் ஏற்காது, இல்லாட்டில் நாலாக்கியிருப்பார்!

எட்டு இலக்கம் என்றால் மொத்தம் பத்துக் கோடி விதம்தான். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு போன் வைஃபையில் இணைகிற அந்தக் கணத்தைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போகிற ஒருவர், நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில் அந்தப் பத்துக் கோடியையும் சில நிமிடங்களில் போட்டுப் பார்த்துவிடலாம். சில வீடுகளில் போன் நம்பரையே பாஸ்வேர்ட்டாக வைக்கினம். பத்து இலக்கம் இருக்கு, பாதுகாப்பு என்று நினைப்பு. 07 என்ற தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. மிச்சம் அதே எட்டுத்தான்.

ஆக, ரிமோட்டின் சோம்பல் எங்களிடமிருந்து இரண்டை எடுத்துக்கொண்டது. ஒன்று தேடல், மற்றது பூட்டு. இரண்டையும் திரும்ப வாங்கித் தந்தது ஒரு கீபோட்.

முதலில் கிடைத்தது ஒரு சீனியர் அண்ணாவின் பழைய கீபோட், யுஎஸ்பி டொங்கிளோடு வருகிறது. இதில் இணைக்கிற வேலையே இல்லை. டொங்கிளை ரீவியின் பின்னால் செருகினால், ரீவிக்கு அது வயரில் பூட்டின கீபோட் மாதிரித்தான் தெரியும். அம்புக்குறி ரிமோட்டின் அம்புக்குறியாக வேலை செய்யும், என்டர் ஓகேயாக. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில ரீவிகளின் யுஎஸ்பி துவாரம் பென்டிரைவை மட்டும்தான் வாசிக்கும். அப்படியென்றால் செருகினாலும் ஒன்றும் நடக்காது, கீபோட் பழுது என்று அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

எங்களுக்கு வந்த பிரச்சினை வேறு. ponmani என்று அடித்தால் சில நேரம் ponmni என்று விழும், சில நேரம் ponmaaaaaaaani என்று ஓடும். அண்ணாவின் கீபோட் கிழடு தட்டிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். பிறகுதான் விளங்கியது. ஒரு விசையை அமத்தும்போது ஒரு செய்தி போகும், விடும்போது இன்னொரு செய்தி போகும். அமத்தின செய்தி தொலைந்தால் எழுத்து விழாது. விட்ட செய்தி தொலைந்தாலோ, பிந்தினாலோ, நாங்கள் இன்னும் அமத்திக்கொண்டே இருக்கிறோம் என்று ரீவி நினைத்து அதே எழுத்தைப் போட்டுக்கொண்டே போகும். அதாவது எழுத்து விழாமல் போவதும் ஓடுவதும் ஒரே நோயின் இரண்டு முகம்: செய்தி போய்ச் சேரவில்லை. எங்கட டொங்கிள் இருந்த இடம் ரீவியின் முதுகுப்பக்கம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துவாரம். யுஎஸ்பி 3 இல் ஓடுகிற ஹார்ட் டிஸ்க்கும் வயரும், டொங்கிள் பேசுகிற அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் போடும். போதாததுக்கு நடுவில் ரீவியின் உடம்பு வேற. ஒரு சின்ன யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் டொங்கிளைப் பூட்டி ரீவியின் முன் விளிம்புக்குக் கொண்டுவந்தோம். அன்றைக்கே கிழட்டுத்தனம் மாறிவிட்டது.

அண்ணா பட்டம் வாங்கிக்கொண்டு கீபோட்டையும் கொண்டு போய்விட்டார். (நியாயம்தான்.) பிறகு நாங்கள் ஒரு புளூடூத் கீபோட் வாங்கினோம். இது டொங்கிள் மாதிரி இல்லை, ரீவிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். எங்கடது ஆண்ட்ரொய்ட் ரீவி. அமைப்புகளுக்குள் `Remotes & Accessories` என்று ஒன்று இருக்கும், அதற்குள் `Add accessory`. அதைத் திறந்துவிட்டு, கீபோட்டில் புளூடூத் அடையாளம் உள்ள விசையை விளக்கு வேகமாக மினுங்கும் வரை சில செக்கன் அமத்திப் பிடிக்க வேண்டும். மெதுவாக மினுங்கினால் அது பழைய நண்பரைத் தேடுகிறது என்று அர்த்தம், புதிய ரீவிக்குத் தெரியாது. எங்கட கீபோட்டில் அப்படித்தான். முதல் முறை இதிலேயே பத்து நிமிடம் போனது, ஏனென்றால் கடைக்காரர் சோதித்துப் பார்த்த கணினியை அது மறக்கவில்லை.

பெயர் திரையில் வந்து, தெரிவு செய்ததும் ரீவி ஓர் இலக்கத்தைக் காட்டியது. கீழே ஓகே பொத்தான் எதுவும் இல்லை. நாங்கள் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே அடிக்கிறது என்று தேடினோம். அந்த இலக்கத்தைக் கீபோட்டில் அடிக்க வேண்டும், அடித்துவிட்டு என்டரையும் அமத்த வேண்டும். அடிக்கிறது திரையில் தெரியாது. என்டரை மறந்தால் கொஞ்ச நேரத்தில் தோல்வி என்று வரும். இந்தச் சடங்கு எதற்கென்றால், கீபோட்டை இப்போது கையில் வைத்திருக்கிறவர்தான் இந்தத் திரையைப் பார்க்கிறவர் என்று ரீவி உறுதிப்படுத்துகிறது. பக்கத்து அறைக்காரரின் கீபோட் எங்கட ரீவியில் வந்து ஏறக்கூடாதே. இலக்கம் கேட்காமலே இணைகிற கீபோட்டுகளும் இருக்கு.

சரி, கீபோட் வந்தாயிற்று, இனி பாஸ்வேர்ட்டைத் திரும்ப உருப்படியாக மாற்றுவம் என்று முடிவெடுத்தோம். இது உண்மையான பாஸ்வேர்ட் இல்லை, ஆனால் இதே மாதிரி ஒன்று: `kinaththadi@Vembu19`. ரவுட்டரில் மாற்றினோம், போன்களெல்லாம் இணைந்தன. ரீவியில் கீபோட்டால் அடித்தோம். பிழை என்றது. ஒவ்வோர் எழுத்தாக, ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்க, திரும்பவும் அடித்தோம். பிழை. மூன்றாம் தரமும் பிழை. "கீபோட்டே வேணாம், எட்டு இலக்கத்துக்கே போவம்" என்று அந்தப் பழைய ஆள் திரும்பத் தொடங்கிவிட்டார்.

புள்ளிகளுக்குப் பின்னால் என்ன விழுகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். அதனால் பாஸ்வேர்ட் பெட்டியை விட்டுவிட்டு, எழுத்து கண்ணுக்குத் தெரிகிற ஒரு தேடல் பெட்டிக்குப் போய் @ குறியை மட்டும் அடித்துப் பார்த்தோம். விழுந்தது `"`. கீபோட்டில் 2 க்கு மேலே @ என்றுதான் அச்சடித்திருக்கு, ஆனால் விழுவது மேற்கோள் குறி.

காரணம் இதுதான். கீபோட் எழுத்தை அனுப்புவதில்லை. 'இந்த இடத்தில் உள்ள விசை அமத்தப்பட்டது, கூடவே ஷிஃப்டும்' என்று மட்டும்தான் சொல்லும். அது என்ன எழுத்து என்று முடிவெடுப்பது ரீவி. எங்கட ரீவியின் மொழியை யாரோ பிரித்தானிய ஆங்கிலம் என்று வைத்திருந்தார்கள். பிரித்தானிய அடுக்கில் ஷிஃப்ட்டும் 2 உம் சேர்ந்தால் மேற்கோள் குறி. @ இருப்பது என்டருக்குப் பக்கத்தில், அமெரிக்க அடுக்கில் மேற்கோள் குறி இருக்கிற விசையில். நாங்கள் வாங்கினதோ அமெரிக்க அடுக்கு அச்சடித்த கீபோட். ரீவியின் கீபோட் அமைப்புக்குள் போய் அடுக்கை `English (US)` என்று மாற்றினதும் பாஸ்வேர்ட் முதல் தரத்திலேயே ஏறியது. ஆகவே உங்கள் பாஸ்வேர்ட்டில் @, மேற்கோள் அல்லது # இருந்து, சரியாக அடித்தும் ஏற்கவில்லை என்றால், உங்களைச் சந்தேகப்பட முன் ஒரு தேடல் பெட்டியில் அந்தக் குறியை அடித்துப் பாருங்கள். # க்கு £ விழுந்தாலும் இதே கதைதான்.

கேம் கொன்சோல் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வரி. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் யுஎஸ்பி கீபோட்டும் போகும், புளூடூத்தும் போகும். எக்ஸ்பொக்ஸில் புளூடூத் கீபோட் இணையாது. வயர் உள்ளது அல்லது டொங்கிளோடு வருவதுதான் வேணும். எங்களில் ஒருவரின் தம்பி வீட்டில் புளூடூத் கீபோட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பொக்ஸோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார், அதனால்தான் சொல்கிறோம்.

இனித் தமிழ். இங்கே எங்களுக்கு முழு வெற்றி இல்லை. எங்களில் ஒருத்திக்குப் பாமினியில் பழகின கை. கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிப்பாள். கீபோட் வந்த சந்தோசத்தில் அவள் பொன்மணி என்று அடித்தாள், திரையில் விழுந்தது `nghd;kzp`. எல்லாரும் சிரித்தோம், ஆனால் அது ரீவியின் பிழை இல்லை. பாமினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துத்தான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேசம் கலைந்துவிடும். யூனிக்கோட் தமிழுக்கு ரீவியிலேயே ஒரு தமிழ்க் கீபோட் அடுக்கு இருக்க வேண்டும். எங்கட ரீவியில் அது இல்லை. அதனால் தமிழில்தான் தேட வேண்டும் என்றால் போனில் தமிழில் தேடி, யூரியூபிலிருந்து ரீவிக்கு அனுப்பிவிடுகிறோம். பொன்மணியை ஆங்கில எழுத்தில் தேடினபோது வந்ததும் தமிழ் எழுத்தில் தேடினபோது வந்ததும் ஒன்றில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம்.

'போன்லயே எல்லாம் முடியுமெண்டா கீபோட் என்னத்துக்கு?' இதை எங்களிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். போனை ரிமோட்டாக்குகிற செயலிகள் நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் அநேகமாகப் போனும் ரீவியும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் அவை வேலை செய்யும். எங்களுக்குப் பிரச்சினையே ரீவியை வைஃபையில் ஏற்றுவதுதானே. அதைவிடப் பெரிய காரணம் வேறொன்று. போன் ஒருவருடையது. அவர் அழைப்பு எடுத்துக்கொண்டு வெளியே போனால் தேடலும் அவரோடு போய்விடும். அவர் போனில் தேடினால் அவருடைய ரசனைதான் அறைக்கே ஓடும். கீபோட் யாருடையதும் இல்லை. பாயின் நடுவில் கிடக்கும், நினைவு வந்தவர் இழுத்து அடிப்பார். முந்தி ரிமோட் வைத்திருந்தவர்தான் அறைக்கு ராசா. இப்போது ஒருவர் ஒரு நடிகரின் பெயரை அடிக்க, இன்னொருவர் 'இல்லையடா, எழுத்துப் பிழை, தா' என்று பறித்துத் திருத்துகிறார். வாக்குவாதமே தேடல் பெட்டியில்தான் நடக்கிறது.

பொன்மணியைக் கடைசியில் பார்த்தோம், ஒப்படையும் கொடுத்தாயிற்று. படத்தின் நடுவில் மூன்று தரம் காட்சி தானாக நின்றது. ரீவி சூடாகிவிட்டது, இணையம் போய்விட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பிறகு பார்த்தால் ஒருவர் கீபோட்டின் ஸ்பேஸ் பாரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு படுத்திருந்தார். இப்போது படம் தொடங்கினதும் கீபோட்டின் சுவிட்சை அணைத்து ரீவிக்கு மேலே வைத்துவிடுகிறோம்.